கோரிப்பாளையம் ஒரு புள்ளி அல்ல



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு படத்தைப் பற்றி. மதுரை டவுன் பஸ்கள் எங்கே புறப்பட்டு எங்கே போகின்றன, எந்த இடத்தில் இறங்கி எந்த வண்டிக்கு மாற வேண்டும் என்பதை ஒரே தாளில் காட்டுகிற எளிய படம். அதை எப்படி வரைவது? எதைச் சேர்ப்பது, எதை விடுவது? எந்த இடத்தில் சுருக்கலாம், எந்த இடத்தில் சுருக்கவே கூடாது? இதுதான் பேச்சு.

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா கிளம்புகிறார். பெரியாஸ்பத்திரியில் மகனைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் தனியாக மதுரைக்குள் வந்ததில்லை. அவருக்கு என்ன தெரிய வேண்டும்? பழங்காநத்தத்தில் சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரிய வேண்டுமா? வேண்டாம். வைகை எத்தனை அடி அகலம் என்று தெரிய வேண்டுமா? வேண்டாம். பெரியாரில் இறங்க வேண்டும், அங்கிருந்து ஆற்றைத் தாண்டிப் போகிற வண்டியில் ஏற வேண்டும், கோரிப்பாளையம் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் இறங்க வேண்டும். மூன்றே செய்தி. இந்த மூன்றையும் ஒரு பார்வையில் கொடுப்பதுதான் படத்தின் வேலை. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஒதுங்கி நிற்கலாம் என்று துணிந்து காட்டியவர் ஹாரி பெக். லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தில் படவரைவாளராக இருந்தவர். 1931-ல் ஒரு படம் போட்டார். அதில் ரயில் பாதைகள் நேராக, படுக்கையாக, இல்லையென்றால் 45 பாகைச் சாய்வாக மட்டும் ஓடின. நகரின் நடுப்பகுதியைப் பெரிதாக்கினார், புறநகரைச் சுருக்கினார். தேம்ஸ் ஆற்றை மட்டும் விட்டுவைத்தார். தெருவோ பூங்காவோ அதில் இல்லை. நிறுவனம் முதலில் வேண்டாம் என்றது. 1933-ல் சட்டைப்பைக்குள் வைக்கிற தாளாக அச்சிட்டுப் பார்த்தார்கள். மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று உலகத்தின் பல மெட்ரோக்களில் கதவுக்கு மேலே இருக்கிற படம் அந்தப் படத்தின் வழிவந்ததுதான்.

அப்படியானால் பெக் செய்ததை அப்படியே மதுரைக்குச் செய்துவிட்டால் முடிந்ததா? முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் இன்றைய பேச்சின் உயிரே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் மதுரையைத் தாளில் இறக்கிப் பார்ப்போம்.

ஏ3 அளவுத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 42 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 30. வடக்கே அழகர்கோவில், தென்மேற்கே திருமங்கலம், மேற்கே செக்கானூரணி, கிழக்கே சிலைமான். இவை நான்கும் அடங்க வேண்டும் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கிடைத்தாலே பெரிது. சரி, அந்தக் கணக்கிலேயே வரையுங்கள். சிம்மக்கல்லுக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவே என்ன இடம் கிடைக்கும்? நல்ல நாளிலேயே ஒரு சென்டிமீட்டர். ‘கோரிப்பாளையம்’ என்ற பெயரைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுத எவ்வளவு இடம் வேண்டும்? இரண்டரை, மூன்று சென்டிமீட்டர். பெயர் ஆற்றைத் தாண்டிப் போய் யானைக்கல் மேல் உட்கார்ந்துவிடும். அதே தாளில் மூன்றுமாவடிக்கு வடக்கே அழகர்கோவில் வரை நீளமாகக் காலி இடம் கிடக்கும்.

ஆகவே முதல் வேலை, உண்மையான அளவைக் கைவிடுவது. நான்கு வெளி வீதிகளையும், அவற்றிலிருந்து கோரிப்பாளையம், காளவாசல், பழங்காநத்தம், தெப்பக்குளம் வரையுள்ள பகுதியையும் எடுத்து, அவற்றுக்குத் தாளின் நடுப்பாதியைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு வெளியே இருக்கிற நீண்ட சாலைகளெல்லாம் மீதிப் பாதியில் சுருங்கி இருக்கட்டும். மூன்றுமாவடியிலிருந்து அழகர்கோவிலுக்கு நாலு சென்டிமீட்டர் போதும். அந்த வழியில் போகிறவருக்கு அடுத்த ஊர் எது என்று தெரிந்தால் போதும். வளைவும் தூரமும் ஓட்டுநர் கவலை.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மதுரையின் நடுவே மீனாட்சி அம்மன் கோயில். அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்த பிறகு அதற்கும் வெளியே வெளி வீதிகள் வந்தன. டவுன் பஸ் பெரும்பாலும் இந்த வெளி வீதிச் சதுரத்தின் மேல்தான் சுற்றுகிறது. வேறு ஊரில் படவரைவாளர் வளைந்து நெளிந்த தெருக்களை வலிந்து நேராக்க வேண்டும். மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகள் நாயக்கர் காலத்திலிருந்தே நேராகத்தான் இருக்கின்றன. சதுரத்தைப் போடுங்கள், மேற்குப் பக்கத்து ஓரத்தில் பெரியார் நிலையத்தை வையுங்கள். படத்தின் நெஞ்சுப்பகுதி தயார்.

அடுத்து வைகை. ஆற்றைப் போட வேண்டுமா? கட்டாயம் போட வேண்டும். மதுரையில் வழி சொல்கிற எவரும் முதலில் சொல்வது ‘ஆத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா’ என்பதுதானே? பெரியாரும் ஆரப்பாளையமும் தென்கரையில். கோரிப்பாளையம், அண்ணா நிலையம், மாட்டுத்தாவணி வடகரையில். ஆற்றை மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கத்துக்குச் சாய்வாக இறக்கி, நடுவில் மட்டும் படுக்கையாக விடுங்கள். ஏ.வி. மேம்பாலத்தை அதன் குறுக்கே போடுங்கள். பார்க்கிறவருக்கு அந்த ஒரு நீலக்கோட்டிலேயே திசை பிடிபட்டுவிடும்.

திசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் ஒரு பாடம். 1972-ல் மாசிமோ விக்னெல்லி என்ற பெரிய வடிவமைப்பாளர் அந்த ஊர்ச் சுரங்க ரயிலுக்கு அழகான படம் ஒன்று தந்தார். கோடுகளின் ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீண்டு கிடக்கிற சென்ட்ரல் பார்க் அதில் சதுரமாக இருந்தது. சில நிலையங்கள் ஒன்றுக்கொன்று வலம் இடம் மாறிக் கிடந்தன. படிக்கட்டு ஏறி மேலே வந்த மனிதர் எதிர்ப்பக்கம் நடந்தார். 1979-ல் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். நீளத்தைச் சுருக்கினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வலத்தை இடமாக்கினால் பொறுப்பதில்லை. அண்ணா நிலையத்தைக் கோரிப்பாளையத்துக்கு மேற்கே வைத்து ஒரு படம் வந்தால், அதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் செல்லூர்ப் பக்கம் நடப்பார்.

சதுரம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. இனி கிளைகள். நகரை விட்டு வெளியே போகிற சாலைகளை எண்ணிப் பாருங்கள். மேலூர் சாலை, அழகர்கோவில் சாலை, நத்தம் சாலை, திண்டுக்கல் சாலை, தேனி சாலை, திருமங்கலம் சாலை, அருப்புக்கோட்டை சாலை, ராமேஸ்வரம் சாலை, சிவகங்கை சாலை. எத்தனை? ஒன்பது. நம்மிடம் எத்தனை திசை இருக்கிறது? நேர், படுக்கை, 45 பாகைச் சாய்வு என்றால் எட்டே எட்டு. ஒன்பது சாலையை எட்டுத் திசையில் எப்படி அனுப்புவது?

பலர் இந்த இடத்தில்தான் ஒரு கோணலான கோட்டைப் போட்டுப் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சாலையையே கேளுங்கள், அது வழி சொல்லும். அழகர்கோவில் சாலையும் நத்தம் சாலையும் தல்லாகுளம் வரை ஒன்றாகத்தானே போகின்றன? அதுவரை ஒரே கோடு. அங்கே பிரித்து, இரண்டையும் வடக்கு நோக்கி அருகருகே ஓட விடுங்கள். இடப்பக்கம் ரிசர்வ் லைன், ஐயர் பங்களா, ஊமச்சிகுளம் என்று நத்தம் சாலை. வலப்பக்கம் புதூர், மூன்றுமாவடி என்று அழகர்கோவில் சாலை. சிக்கல் தீர்ந்தது. கிழக்கே சிவகங்கை சாலையும் ராமேஸ்வரம் சாலையும் தாளில் ஒன்றையொன்று நெருக்குமே என்றால், அவற்றைப் பிரிக்கத்தான் நடுவில் வைகை இருக்கிறது. வடகரையில் அண்ணா நகர், மேலமடை, கருப்பாயூரணி. தென்கரையில் கீழவாசல், தெப்பக்குளம், விரகனூர், சிலைமான். ஆற்றைப் போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள்.

சரி, இந்தக் கோடுகளில் எந்தெந்த நிறுத்தத்தைப் போடுவது? எல்லாவற்றையும் போட்டால் படம் எறும்பு மொய்த்தது போலாகிவிடும். பெரிய ஊரை மட்டும் போட்டால் நடுவே இறங்குகிறவர் கதி என்ன? இதற்கு நான் அலைந்து தேடி வைத்திருந்த அளவுகோல்கள் எல்லாம் வீணாயின. விடை நடத்துநர் பையிலேயே இருந்தது. கட்டணப் பட்டியலில் ஸ்டேஜ் என்று ஒன்று உண்டு. கட்டணம் எந்த நிறுத்தத்தில் மாறுகிறதோ அது ஒரு ஸ்டேஜ். பல ஆண்டுகளாக மக்கள் ஏறி இறங்கிப் பழகிய இடங்கள் அவை. ‘ஒரு பைக்கரா’, ‘இரண்டு பசுமலை’ என்று மக்கள் சீட்டுக் கேட்பதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். ஸ்டேஜுகளைக் கோட்டில் குறுக்குக் கோடாகப் போடுங்கள். வழிகள் பிரிகிற இடங்களையும், பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட் வாசல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பெயரை எப்படி எழுதுவது? பயணிகள் கூப்பிடுகிறபடி எழுதுங்கள். மாட்டுத்தாவணி நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சின்ன எழுத்தில் கீழே மரியாதையாகப் போடலாம். பெரிய எழுத்தில் மாட்டுத்தாவணி என்றுதான் இருக்க வேண்டும். பலகையும் அதைத்தான் காட்டுகிறது, நடத்துநர் குரலும் அதைத்தான் கூவுகிறது.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் படத்தில் முக்கிய நிலையத்தின் பெயரைப் பெரிய எழுத்துகளால் எழுதி வேறுபடுத்திவிடுகிறார்கள். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. எழுத்தின் தடிமனாலும் அளவாலும்தான் வேறுபாடு காட்ட முடியும். நம் எழுத்துகளுக்கு மேலே கொக்கி உண்டு, கீழே வால் உண்டு. ‘திருப்பரங்குன்றம்’ என்ற பெயருக்குக் கீழே நெருக்கமாக ‘திருநகர்’ என்று போட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் கொக்கியில் இடிக்கும். வரிகளுக்கு நடுவே இடம் தாராளமாக விடுங்கள். பெயர்களை ஒருபோதும் சாய்த்து எழுதாதீர்கள். சாய்ந்த தமிழைக் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். நிலையச் சுவரில் ஒட்டுகிற படம் என்றால் பலகை எழுதுகிறவர்கள் கைக்கொள்கிற கணக்கைப் பின்பற்றுங்கள். பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு ஓர் அங்குல எழுத்து.

இனி கோட்டின் தடிமன். இதை நம் ஊர்ப் படங்களில் யாரும் காட்டுவதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். பெரியாருக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே வண்டி வந்துகொண்டே இருக்கும். நேரம் பார்க்க வேண்டாம், போய் நின்றால் போதும். அது தடித்த கோடு. அரை மணிக்கு ஒரு தடவை வருகிற வழி மெல்லிய கோடு. ஒரு நாளைக்குச் சில நடைகள் மட்டும் போகிற கிராமத்து வண்டி புள்ளிக்கோடு. நைட் ஹால்ட் பஸ் இருக்கிறதே, ராத்திரி ஊருக்குள் போய்ப் படுத்துவிட்டு விடிகாலையில் முதல் நடையாகக் காய்கறிக்கூடையும் பால் கேனுமாகத் திரும்புகிற வண்டி, அதைத் தடித்த கோட்டில் காட்டினால் என்ன ஆகும்? படத்தை நம்பி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். கோடு இருக்கிறது, வண்டி இல்லை. இப்படி ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி அந்தப் படத்தைத் திரும்பிப் பார்ப்பாரா?

நத்தம் சாலையில் இன்னொரு சிக்கல். 2023-ல் அங்கே ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பறக்கும் பாலம் திறந்தார்கள். மேலே ஏறிய வண்டி நடுவில் இருக்கிற நிறுத்தங்களைத் தொடாது. கீழே போகிற டவுன் பஸ்தான் ரிசர்வ் லைனிலும் ஐயர் பங்களாவிலும் நிற்கும். சாலை ஒன்று, தளம் இரண்டு. ஒரே கோடாகப் போட்டால் ஐயர் பங்களாவில் இறங்க வேண்டியவர் பாலத்தின் மேலிருந்து தன் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டே ஊமச்சிகுளம் போய்ச் சேருவார். ஆகவே இரண்டு கோடு போடுங்கள். குறுக்குக் கோடுகள் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று.

இப்போது படத்தால் என்ன பயன் என்று ஒரு பயணத்தை வைத்துப் பார்க்கலாமா? கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் ராமேஸ்வரம் போகிறது. கோவை வண்டி எங்கே கொண்டுவந்து விடும்? ஆரப்பாளையத்தில். ராமேஸ்வரம் வண்டி எங்கிருந்து கிளம்பும்? மாட்டுத்தாவணியிலிருந்து. நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. மேற்கும் வடமேற்கும் ஆரப்பாளையத்தில், மற்ற திசைகள் மாட்டுத்தாவணியில் என்று பிரித்து வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? மூட்டை முடிச்சோடு இறங்கி, ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த இரண்டு நிலையங்களையும் நேராக இணைக்கிற டவுன் பஸ் அங்கேயே நிற்கிறது. படத்தில் அந்த ஒரு வழியைத் தனி நிறத்தில், எல்லாவற்றையும் விடத் தடிப்பாகப் போடுங்கள். ஒன்பது சாலைக்கு ஒன்பது நிறம் கொடுக்காதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நம்மில் உண்டு. ஐந்தாறு நிறம் போதும். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் கடைசி ஊரின் பெயரை எழுதுங்கள். வண்டியின் நெற்றியில் இருப்பதும் அந்தப் பெயர்தான்.

செக்கானூரணியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வருகிறவரைப் பாருங்கள். பழக்கம் அவரைப் பெரியாருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே இறங்கி, கூட்டத்தில் நெருக்கி, மறுபடி ஆற்றைத் தாண்டுகிறார். தேனி சாலையில் வருகிற வண்டிகள் சில பெரியாருக்கும் சில ஆரப்பாளையத்துக்கும் பிரிகின்றன. ஆரப்பாளையம் போகிற வண்டியில் ஏறியிருந்தால் அங்கிருந்து ஒரே மாற்றம், நகர நடுவுக்குள் நுழையவே வேண்டாம். எல்லா வழியும் பெரியாருக்கே என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. படத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தால்தான் ஆரப்பாளையம், காளவாசல், பழங்காநத்தம், கோரிப்பாளையம் எல்லாமே மாறும் இடங்கள் என்று கண்ணில் படும். பழங்காநத்தத்தையும் காளவாசலையும் பைபாஸ் சாலை நேராக இணைக்கிறதே, அது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

மாறினால் செலவாகாதா? ஆண்களுக்கு ஆகும். வண்டிக்கு வண்டி தனிச் சீட்டுத்தான். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் அவர்கள் இரண்டு வண்டி மாறினாலும் காசு போவதில்லை. நான் பயணிகளிடம் படங்களைக் காட்டிப் பேசியபோது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ‘நேர் வண்டி இருக்கா’ என்று ஆண்கள் கேட்டார்கள். ‘எந்த வண்டி முதல்ல வரும்’ என்று பெண்கள் கேட்டார்கள். படம் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நேர் வண்டியை மறைத்து எல்லோரையும் மாறச் சொல்லக் கூடாது.

அன்பர்களே, இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பெக் செய்தது நமக்கு ஏன் போதாது?

பெக் வரைந்தது ரயிலுக்கு. ரயில் நிலையம் ஒரே கட்டடம். ஒரு வண்டியிலிருந்து இறங்குகிறவர் அம்புக்குறியைப் பின்பற்றி அடுத்த நடைமேடைக்குப் போய்விடுவார். அங்கே மாறும் இடத்தை ஒரு வட்டமாகப் போட்டால் போதும். பஸ் நிறுத்தம் அப்படியா? கோரிப்பாளையத்தில் போய் நின்று பாருங்கள். தெற்கே பாலம். கிழக்கே பனகல் சாலை, பெரியாஸ்பத்திரி, அண்ணா நிலையம். வடக்கே அமெரிக்கன் கல்லூரி, தல்லாகுளம். மேற்கே செல்லூர்ப் பக்கம். பாலத்தைத் தாண்டி வருகிற வண்டிகள் இங்கே பிரிகின்றன. மாட்டுத்தாவணி போவது வலப்பக்கம் திரும்பிக் கிழக்குச் சாலையில் நிற்கும். புதூர் போவது நேரே போய் வடக்குச் சாலையில் நிற்கும். பெயர் ஒன்றுதான், கோரிப்பாளையம். நிறுத்தம் ஒன்றா?

ஒரு படத்தை வரைந்து, கோரிப்பாளையத்தில் அழகான வட்டம் ஒன்றைப் போட்டு, புதூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதான ஒருவரிடம் கொடுத்தேன். ‘ஐயா, எங்கே இறங்குவீங்க, எங்கே ஏறுவீங்க, விரலை வச்சுக் காட்டுங்க’ என்றேன். விரல் புதூரிலிருந்து தடுமாறாமல் இறங்கி வந்தது. வட்டத்தின் மேல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ‘இங்கன எறங்கிட்டேன் தம்பி, இனி எந்த ஓரத்துல நிக்கணும்?’ என்று கேட்டார். படத்தில் பதில் இல்லை. தடித்த கோடும் நீல ஆறும் ஒன்பது கிளையும் இருந்தன. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

படம் தேறுமா தேறாதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை கிடையாது. ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு பயணத்தைக் கொடுத்து விரலைப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே படம் பொய் சொல்கிறது.

லண்டனிலேயே இதை உணர்ந்தார்கள். சுரங்க ரயிலுக்கு வந்த படத்தை அப்படியே பஸ்ஸுக்கு வைத்தால் சரிவராது என்று கண்டு, 2002 முதல் பஸ்ஸுக்கு வேறு வகைப் படம் போட்டார்கள். நீங்கள் நிற்கிற இடம் படத்தின் நடுவில் ஒரு கட்டமாக இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் உண்மையான தெரு, உண்மையான திருப்பம், உண்மையான நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் எழுத்து. கம்பத்தின் உச்சியிலும் அதே எழுத்து. கட்டத்துக்கு வெளியே மட்டும் கோடுகள் சுருங்கி நேராகி நாலாபுறமும் ஓடும். தூரத்தைச் சுருக்கினார்கள், நிற்கிற இடத்தைச் சுருக்கவில்லை.

கோரிப்பாளையத்துக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான். பெரிய படத்தில் அது வட்டமாகவே இருக்கட்டும். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதில் நான்கு சாலைகளையும், சிக்னலையும், தேவர் சிலையையும், தர்காவையும், கல்லூரிச் சுவரையும் வரையுங்கள். அடையாளங்களை வைத்துத்தான் மக்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள். நிறுத்தங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று எழுத்துக் கொடுங்கள். அந்த எழுத்து கம்பத்தில் மஞ்சள் வட்டத்தில் கறுப்பாக இருக்க வேண்டும். ‘புதூரிலிருந்து வந்தால் அ-வில் இறங்கு, ஆஸ்பத்திரிக்கு இ-யில் ஏறு’ என்று ஒரு வரி. அதற்கடுத்து நடக்கும் நேரம். இதை மேசையில் உட்கார்ந்து போட முடியாது. நேரில் போய் நடந்து பார்க்க வேண்டும். உங்கள் நடையை எழுதாதீர்கள். மூட்டை வைத்திருக்கிற பாட்டியோடு நடந்து, சிக்னலுக்குக் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் சாலையைக் கடக்கிற நேரம்தான் உண்மையான நேரம்.

இந்தக் கட்டம் எத்தனை இடத்துக்கு வேண்டும்? கோரிப்பாளையம், பெரியார், காளவாசல், பழங்காநத்தம். நான்கு போதும் என்பது என் கணக்கு. பெரியாரில் நிலையத்துக்குள் நிற்கிற வண்டி வேறு, வெளியே வீதியில் நிற்கிற வண்டி வேறு. ரயிலிலிருந்து இறங்கி வருகிறவருக்கு அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஆரப்பாளையத்திலும் மாட்டுத்தாவணியிலும் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருப்பதால் நடைமேடை எண் போதும்.

இன்னும் ஒன்று. படத்தின் மூலையில் நாளைப் போடுங்கள். ‘இந்த மாதம், இந்த ஆண்டு நிலவரம்’ என்று. கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை தொடங்கிய பிறகு வண்டிகள் திரும்புகிற இடங்களே மாறிப்போயின. நாள் இல்லாத படத்தை நம்பினவர் பழைய நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பார். மாறக்கூடிய கட்டங்களைத் தனித் தாளாக ஒட்டினால், நிறுத்தம் இடம் மாறியதும் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். பெரிய படம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்கு என்ன செய்வது? அழகர் கோயிலை விட்டுப் புறப்பட்டால் அழகர்கோவில் சாலை முழுவதும் அவருடையது. மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று மண்டகப்படி மண்டகப்படியாக வருகிறார், ஆற்றில் இறங்குகிறார். அந்த நாட்களில் நம் படத்தின் வடக்குக் கிளை இருந்த இடத்தில் இருக்காது, ஏ.வி. பாலம் பஸ்ஸுக்குக் கிடைக்காது. படத்தின் தடித்த கோடு அறுந்துபோகிறது. அதுவும் வருஷத்தில் மிக அதிகமான வெளியூர்க்காரர்கள் மதுரையில் இருக்கிற அதே நாளில். அதற்கென்று இரண்டாவது தாள் வேண்டும். அதே சதுரம், அதே ஆறு, அதே நிறங்கள். அடைபட்ட சாலை சாம்பல் நிறத்தில், வண்டிகள் எங்கே நின்று திரும்புகின்றனவோ அந்த இடம் மட்டும் தடித்த வட்டத்தில். காவல்துறை அறிவிக்கிற வழிமாற்றத்தை அந்தத் தாளில் ஏற்றிக் கொடியேற்றத்தன்றே ஒட்டிவிட்டால், அழகரைப் பார்க்க வருகிற கிராமத்து மக்கள் விடிய விடிய அலைய வேண்டியதில்லை.

நண்பர்களே, நான் சொன்னபடி வரைந்த வரைவுத் தாள் ஒன்று இந்த அரங்கின் வாசலில் ஒட்டியிருக்கிறது. கீழே சிவப்புப் பென்சில் கட்டி வைத்திருக்கிறேன். நத்தம் சாலையில் பாலத்துக்குக் கீழே எந்த நிறுத்தத்தை மக்கள் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவனியாபுரம், வில்லாபுரம் பக்கத்தில் எந்தக் கோடு தடிப்பு, எது மெலிவு என்று நடத்துநர் தோழர்கள் திருத்துங்கள். கோரிப்பாளையத்துக் கட்டத்தில் நான் போட்டிருக்கிற நான்கு எழுத்தும் சரியான ஓரத்தில் இருக்கின்றனவா என்று அங்கே தினமும் சாலையைக் கடக்கிற கல்லூரி மாணவிகள் பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே சரியான இடத்தைக் குறியுங்கள்.